விகிதம் சரி, வோல்டேஜும் சரி, லோடே இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கிறது ஏன்?

ஈரோட்டான்

வணக்கம். பேட்டரி சார்ஜருக்கான 12-0-12, 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எரிந்துபோய் கடையில் ரீவைண்ட் செய்து வந்தது. மீட்டரில் 12.6-0-12.6 காட்டுகிறது. அதில் குறை இல்லை. ஆனால் செகண்டரியில் எதுவும் இணைக்காமல் பிளக் செருகி வைத்தாலே 'ம்ம்ம்' என்று கனமான இரைச்சல். ஒரு மணி நேரத்தில் கோர் மேல் கை வைக்க முடியவில்லை. சில சமயம் சுவிட்ச் போட்டதும் 2 ஆம்ப் ஃபியூஸ் போய்விடுகிறது, சில சமயம் போவதில்லை.

கடைக்காரர் சொன்ன விவரம்: பிரைமரி 420 சுற்று, 22 கேஜ். செகண்டரி 23+23 சுற்று, 16 கேஜ். முன்பு எரிந்துபோனதால் இந்த முறை பிரைமரிக்குத் தடித்த கம்பி போட்டதாகச் சொன்னார். ஸ்டாம்பிங் சாதாரண E-I தகடு. நடு நாக்கின் அகலம் 38 மி.மீ., அடுக்கின் உயரம் 40 மி.மீ.

420க்கு 23 என்ற விகிதப்படி 230 வோல்ட்டுக்கு 12.6 வரவேண்டும், வருகிறது. பிறகு என்ன தவறு?

---

கட்டைவிரல்

அண்ணே, சூடாகுதுன்னா கோர் சாச்சுரேட் ஆகுது. லோடு அதிகமானா சாச்சுரேட் ஆகும். சார்ஜர்ல பெரிய பேட்டரி மாட்டியிருப்பீங்க. லோடைக் குறைங்க, இல்லேன்னா E-க்கும் I-க்கும் நடுவுல பேப்பர் வெச்சு கொஞ்சம் கேப் விடுங்க. சோக்குல அப்படித்தான் செய்வாங்க, சாச்சுரேஷன் வராது.

---

ஈரோட்டான்

லோடே இல்லை என்று எழுதியிருக்கிறேனே. செகண்டரி வயர் மூன்றும் காற்றில் இருக்கும்போதே சூடாகிறது.

---

மாலதி_பவர்

உள்ளே ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருக்கலாம். எனாமல் உரிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டால் இதே அறிகுறிதான்: லோடு இல்லாமலே சூடு, இரைச்சல், ஃபியூஸ் போவது. ரீவைண்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மரில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். வேரியாக் கிடைத்தால் 50 வோல்ட்டிலிருந்து ஏற்றிப் பாருங்கள். ஷார்ட் இருந்தால் 50, 60 வோல்ட்டிலேயே கரண்ட் அளவுக்கு மீறி இருக்கும், சூடும் தொடங்கிவிடும்.

---

சுருள்வேலர்

மேடம் சொல்லும் வேரியாக் சோதனை அவசியம் செய்யுங்கள், ஈரோட்டான். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தால் எனக்கு ஷார்ட் மேல் சந்தேகம் குறைவு. 38க்கு 40 கோரில் 420 சுற்று என்பதே என்னை நிறுத்தியது. விகிதம் மட்டும் பார்த்தால் இது தெரியாது.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை எப்படி மாற்றுகிறது என்பதை 'ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட்' என்று பார்த்தால் எல்லாம் எளிதாகிவிடும். பிரைமரியில் ஏசி கொடுத்ததும் கோரில் ஏறி இறங்கும் ஃப்ளக்ஸ் உண்டாகிறது. அந்த ஃப்ளக்ஸ் கோரைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வோல்டேஜை உண்டாக்கும். அந்தச் சுற்று பிரைமரியைச் சேர்ந்ததா, செகண்டரியைச் சேர்ந்ததா என்ற வித்தியாசமே இல்லை. உங்களுடையதில் 230-ஐ 420 சுற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சுற்றுக்கு 0.548 வோல்ட். செகண்டரியில் 23 சுற்று போட்டால் 12.6 வோல்ட். அதே கோரில் 840 சுற்று போட்டிருந்தால் 460 வோல்ட் வந்திருக்கும். ஸ்டெப்-அப்போ ஸ்டெப்-டவுனோ, கோருக்கு அது தெரியாது. சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சிக்கலும் அங்கேதான். 420:23 போட்டாலும் 12.6 வரும், 840:46 போட்டாலும் அதே 12.6 வரும். மீட்டர் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆனால் முதல் கோர் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.548 வோல்ட் கொடுக்க வேண்டும், இரண்டாவது கோர் அதில் பாதி கொடுத்தால் போதும். கொடுக்க வேண்டிய வோல்ட் இரட்டிப்பானால் ஏறி இறங்க வேண்டிய ஃப்ளக்ஸும் இரட்டிப்பு. கோரின் குறுக்குப் பரப்பு மாறவில்லை என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்குள்ளும் அடர்த்தி இரட்டிப்பு.

கணக்கு இது. f ஃப்ரீக்வென்சி, N சுற்று எண்ணிக்கை, A கோரின் குறுக்குப் பரப்பு, B ஃப்ளக்ஸ் அடர்த்தி:

```
V = 4.44 × f × N × A × B

A = 3.8 × 4.0 × 0.95 = 14.4 cm² = 0.00144 m²
B = 230 / (4.44 × 50 × 420 × 0.00144) = 1.71 T
```

அந்த 0.95, தகடுகளுக்கு இடையே உள்ள வார்னிஷுக்கும் காற்றுக்குமான கழிவு. சாதாரண சிலிக்கான் ஸ்டீல் E-I தகட்டுக்கு 1.2 டெஸ்லா வைத்துச் சுற்றினால் நிம்மதி. 1.5 தாண்டினால் தகட்டின் காந்தமாக்கும் வளைவு படுக்கத் தொடங்கிவிடும். உங்களுடையது 1.71. அதுவும் 230 வோல்ட் இருக்கும்போது. இரவில் லைன் 250 ஏறினால் 1.86.

வேரியாக்கில் 150, 180, 200, 220, 230, 240 என்று வைத்து ஒவ்வொன்றிலும் நோ-லோடு கரண்டைக் குறித்துப் போடுங்கள். மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் ஆக இருக்க வேண்டும். சாதாரண மீட்டர் இந்தக் கரண்டின் கூர்மையான வடிவத்தைக் குறைத்தே காட்டும்.

---

கட்டைவிரல்

சார், கணக்கெல்லாம் சரி. ஆனா கரண்ட் கூடினா காந்தம் கூடும், இது பள்ளிக்கூடத்துலயே படிச்சது. லோடு போட்டா பிரைமரி கரண்ட் கூடுது. அப்போ ஃப்ளக்ஸ் கூடணுமே? லோடு கூடினா சாச்சுரேட் ஆகாதுன்னு எப்படிச் சொல்றீங்க?

---

சுருள்வேலர்

நியாயமான கேள்வி தம்பி. பிரைமரியில் கரண்ட் கூடுவது உண்மை. ஆனால் செகண்டரியிலும் கரண்ட் ஓடுகிறதே, அது எதிர்த் திசையில் காந்தமாக்குகிறது. ஈரோட்டானின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். செகண்டரி 46 சுற்று முழுவதிலும் 5 ஆம்ப் இழுத்தால் 230 ஆம்பியர்-சுற்று. 25.2 வோல்ட்டில் 5 ஆம்ப் என்றால் 126 விஏ. அதற்காகப் பிரைமரி கூடுதலாக இழுப்பது 0.548 ஆம்ப். 420 சுற்றால் பெருக்குங்கள், அதுவும் 230. இரண்டும் எதிரெதிர், மிச்சம் பூஜ்யம். கோருக்கு மிஞ்சுவது லோடு இல்லாதபோது இருந்த அதே காந்தமாக்கும் கரண்ட்தான்.

சொல்லப்போனால் லோடு போட்டால் ஃப்ளக்ஸ் துளி குறையும். பிரைமரிக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் இங்கே சுமார் 3.6 ஓம் வரும். 0.55 ஆம்ப் ஓடும்போது அதில் 2 வோல்ட் கழிந்துவிடும், கோர் எதிர்கொள்ள வேண்டியது 228 ஆகிவிடும். லோடு அதிகமானால் கம்பி வெந்து எனாமல் கருகும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஆனால் அது சாச்சுரேஷன் இல்லை. இரண்டும் சூட்டில் முடிவதால் பலரும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

பேப்பர் கேப் விஷயம். சோக்கில் டிசி ஓடுகிறது, அங்கே கரண்டை வெளியே உள்ள சர்க்யூட் முடிவு செய்கிறது, அதனால் கேப் உதவும். இங்கே ஃப்ளக்ஸை முடிவு செய்வது லைன் வோல்டேஜ். கேப் விட்டாலும் 230 வோல்ட்டுக்கு அதே 1.71 டெஸ்லா வந்தே தீரவேண்டும். கேப்பையும் தாண்டி அதைக் கொண்டுவரக் கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடு குறையாது, கூடும். ஈரோட்டான், தயவுசெய்து பேப்பர் வைக்காதீர்கள்.

---

அடையாறு ரசிகன்

எனக்கும் இதே போலத்தான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபையர், பின்னால் 120V 60Hz என்று மட்டும் போட்டிருக்கிறது. இங்கே 230-லிருந்து 120 தரும் ஸ்டெப்-டவுன் வைத்து ஓட்டுகிறேன். வோல்டேஜ் அளந்தேன், சரியாக 120. இருந்தும் அதன் உள் டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறது, மூடி மேல் சூடு தெரிகிறது. நானும் ரீவைண்ட் செய்ய வேண்டுமா?

---

மாலதி_பவர்

உங்களுடையது வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஸ்டெப்-டவுன் வோல்டேஜை மாற்றும், ஃப்ரீக்வென்சியை மாற்றாது. சமன்பாட்டில் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். 120/60 என்றால் 2. இங்கே 120/50 என்றால் 2.4. ஃப்ளக்ஸ் 20 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு அரைச் சுழற்சியும் 8.3 மில்லிசெகண்டுக்குப் பதிலாக 10 மில்லிசெகண்ட் நீடிக்கிறது, அதனால் ஒரே திசையில் கோர் இழுபடும் நேரம் அதிகம். வடிவமைத்தவர் 1.4 டெஸ்லா வைத்திருந்தால் நீங்கள் 1.68-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரீவைண்ட் தேவையில்லை. ஸ்டெப்-டவுனை 100 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். 100/50 மறுபடி 2, கோருக்குச் சொந்த ஊர் நிலைமை. ஆம்ப்ளிஃபையரின் டிசி சப்ளை ஆறில் ஒரு பங்கு குறையும், உச்ச ஒலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உள்ளே ரெகுலேட்டர் உள்ள பகுதிகளுக்குப் போதுமான வோல்டேஜ் வருகிறதா என்று மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

50/60Hz என்று போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. அதனால் அந்த நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் சாதனங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் தாங்கும்.

---

ஈரோட்டான்

நண்பரின் பட்டறையில் வேரியாக் கிடைத்தது. செகண்டரி திறந்தபடி, பிரைமரி கரண்ட்:

```
 50 V    20 mA
100 V    35 mA
150 V    60 mA
180 V   120 mA
200 V   280 mA
220 V   650 mA
230 V   900 mA
240 V   1.3 A
```

180 வரைக்கும் சத்தமே இல்லை. 200 தாண்டியதும் இரைச்சல் தொடங்கி, 220-க்கு மேல் மேசையே அதிர்கிறது.

---

மாலதி_பவர்

அப்படியானால் ஷார்ட் சுற்று இல்லை, என் சந்தேகத்தை விலக்கிவிடலாம். ஷார்ட் இருந்திருந்தால் 50 வோல்ட்டிலேயே சில நூறு மில்லிஆம்ப் இருந்திருக்கும், அங்கிருந்து வோல்டேஜோடு ஒரே சீராக ஏறியிருக்கும். உங்களுடையது 150 வரை சாதுவாக இருந்துவிட்டு, 200-லிருந்து 240-க்குப் போகும்போது வோல்ட் 20 சதவீதம் கூட, கரண்ட் நான்கரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. இந்த முழங்கால் வளைவு சாச்சுரேஷனுக்கே உரியது.

---

சுருள்வேலர்

அருமையான அட்டவணை. டெஸ்லாவாக மாற்றிப் பாருங்கள்: 150 வோல்ட் என்பது 1.12, 180 என்பது 1.34, 200 என்பது 1.49, 230 என்பது 1.71. தகடு எங்கே மடங்குகிறது என்று அதுவே சொல்லிவிட்டது. 1.4-க்கும் 1.5-க்கும் நடுவில்.

ஏன் மடங்குகிறது? இரும்புக்குள் சின்னச் சின்னக் காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. சுருளில் கொஞ்சம் கரண்ட் விட்டாலே அவை ஒரே திசைக்குத் திரும்பத் தொடங்கும். அதனால்தான் சில மில்லிஆம்பில் இவ்வளவு ஃப்ளக்ஸ் கிடைக்கிறது. பெரும்பாலானவை திரும்பிவிட்ட பிறகு, திருப்புவதற்கு மிச்சம் சொற்பம். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு துளி ஃப்ளக்ஸுக்கும் பல மடங்கு கரண்ட் கொட்ட வேண்டும். முழுதும் திரும்பிவிட்டால், அதற்குமேல் அந்தச் சுருளுக்குள் இரும்பு இருப்பதும் காற்று இருப்பதும் ஒன்றுதான்.

இந்த வகைத் தகட்டுக்கு 1.7 டெஸ்லா வர ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5000 ஆம்பியர்-சுற்று தேவை. உங்கள் கோரில் ஃப்ளக்ஸ் ஓடும் பாதை சுமார் 23 செ.மீ. அப்படியானால் 1140 ஆம்பியர்-சுற்று. 420-ஆல் வகுத்தால் 2.7 ஆம்ப். அது உச்சம். ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் ஃப்ளக்ஸ் உச்சிக்குப் போகும் அந்தச் சிறு நேரத்தில் மட்டும் கூரான முள்ளாக வந்து போகும். ஆர்எம்எஸ் கணக்கில் 0.9 ஆம்ப் என்று நீங்கள் அளந்தது பொருந்துகிறது.

சூடு எங்கிருந்து? 0.9 ஆம்ப், 3.6 ஓம் என்றால் கம்பியில் 3 வாட்தான். மீதி தகட்டிலேயே. இந்தக் கோர் சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். 1.2 டெஸ்லாவில் ஏழெட்டு வாட் இழந்துகொண்டிருந்த இரும்பு 1.7-ல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழக்கும். அதனால் கடைக்காரர் தடித்த கம்பி போட்டதால் ஒரு பலனும் இல்லை. கம்பியில் ஒன்றிரண்டு வாட் மிச்சம் பிடிக்கப்போய் இரும்பில் பத்து வாட் கூட்டியாகிவிட்டது. 22 கேஜில் 600 சுற்று கையால் சுற்றினால் அந்த ஜன்னலுக்குள் அடங்குவது கடினம். அடங்கும் அளவுக்கு நிறுத்தியிருப்பார், விகிதம் பார்த்து செகண்டரியையும் குறைத்திருப்பார். அதனால்தான் மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

---

ஈரோட்டான்

இப்போது புரிகிறது. ஃபியூஸ் சில சமயம் மட்டும் போவதும் இதனால்தானா? இன்னொன்று: பிரித்துச் சுற்றாமல், இருக்கும் பிரைமரியோடு 180 சுற்று மேலே சேர்த்துக்கொள்ளலாமா? ஜன்னலில் ஆறு மி.மீ. இடம் இருக்கிறது.

---

மாலதி_பவர்

ஃபியூஸைப் பற்றி. சுவிட்ச் எந்த நொடியில் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. வோல்டேஜ் உச்சியில் இருக்கும்போது தொட்டால் ஃப்ளக்ஸ் பூஜ்யத்திலிருந்து வழக்கம்போல் ஆடத் தொடங்கும், ஒன்றும் ஆகாது. வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும்போது தொட்டால், அந்த முழு அரைச் சுழற்சியும் ஃப்ளக்ஸை ஒரே பக்கம் தள்ளும், வழக்கமான உச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கு. போனமுறை அணைத்தபோது கோரில் தங்கிய காந்தமும் அதே பக்கம் இருந்தால் அதுவும் சேரும். ஒழுங்காகச் சுற்றிய 1.2 டெஸ்லா கோரே அந்த நேரத்தில் சாச்சுரேட் ஆகும். உங்களுடையது 3.4-ஐத் தொட முயலும், தொட முடியாது. அந்தச் சில மில்லிசெகண்டுக்குக் கரண்டைத் தடுக்கக் கம்பியின் 3.6 ஓமும் வீட்டு வயரிங்கும் மட்டுமே மிச்சம். பத்து இருபது ஆம்ப் சுலபமாகப் போகும்.

சுற்றைச் சரிசெய்த பிறகும் இது கொஞ்சம் இருக்கும். வேகமாக உருகும் ஃபியூஸை எடுத்துவிட்டு 1 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ போடுங்கள். இப்போதிருக்கும் 2 ஆம்ப் வேக ஃபியூஸ் சுவிட்ச் போடும்போது உருகும், உண்மையான ஓவர்லோடில் உருகாது. இரண்டு பக்கமும் தவறான ஃபியூஸ்.

---

சுருள்வேலர்

மேலே சேர்ப்பதைப் பற்றி. செய்யலாம், ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, புதிய சுற்று பழையதோடு ஒரே திசையில் தொடர வேண்டும். மாறிப்போனால் 420-லிருந்து 180 கழிந்து 240 ஆகிவிடும், நேராக லைனில் செருகினால் ஃபியூஸ் வெடிக்கும். முதல் தடவை 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் செருக வேண்டும். சரியாக இருந்தால் பல்பு எரியாது. தவறாக இருந்தால் பளிச்சென்று எரியும்.

இரண்டாவது, இதை மறந்துவிடுவார்கள்: பிரைமரி 600 ஆனால் சுற்றுக்கு 0.383 வோல்ட். உங்கள் 23 சுற்று இனி 8.8 வோல்ட்தான் தரும். செகண்டரியையும் இரண்டு பக்கமும் பத்துப் பத்து சுற்று ஏற்ற வேண்டும். 16 கேஜ் கம்பியைத் துண்டாகச் சேர்த்து, சாலிடர் செய்து, ஸ்லீவ் மாட்டி, அதற்கு மேல் பிரைமரி போட்டு, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மைலாரும் போட்டால்... மூன்றாவது விஷயம் அதுதான். லைன் வோல்டேஜ் உள்ள சுருள் செகண்டரிக்குக் கீழேயும் இருக்கும், மேலேயும் இருக்கும். காப்பு இரண்டு இடத்தில் நம்பகமாக இருக்க வேண்டும். என் முடிவு, பிரித்துச் சுற்றுங்கள். பிரைமரிக்கு 24 கேஜ் கம்பியும், செகண்டரிக்குக் கூடுதல் நீளத்தில் 16 கேஜ் கம்பியும் புதிதாக வாங்க வேண்டும்.

பிரைமரி 24 கேஜ், 600 சுற்று. முழு லோடில் அரை ஆம்பும் சொச்சமும்தான் ஓடும், 24 கேஜ் தாராளம். ஒரு வரிசைக்கு 80 சுற்று வைத்தால் எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மெல்லிய காகிதம். மேலே மைலார் மூன்று சுற்று. செகண்டரி 33+33, 16 கேஜ். 31.3 போதும் என்று கணக்கு சொல்லும், லோடில் விழும் ஐந்து சதவீதத்துக்காக 33.

தகடு அடுக்கும்போது E ஒருமுறை இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லா E-யும் ஒரே பக்கம், எல்லா I-யும் மறுபக்கம் வைத்தால் மேலே சொன்ன கேப் கதைதான், சுற்று சரியாக இருந்தும் நோ-லோடு கரண்ட் ஏறும். எல்லாத் தகடும் திரும்ப உள்ளே போக வேண்டும். கடைசி நான்கைந்து நுழையவில்லை என்று விட்டுவிட்டால் பரப்பு குறைகிறது, டெஸ்லா ஏறுகிறது.

---

மாலதி_பவர்

600-ல் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. ஈரோட்டானின் அட்டவணைப்படி இந்தத் தகடு 1.34 வரை ஒழுங்காக இருக்கிறது. 540 சுற்று போட்டால் 230 வோல்ட்டில் 1.33. பத்து சதவீதம் குறைந்த கம்பி, குறைந்த ரெசிஸ்டன்ஸ், சார்ஜர் முழு கரண்டில் வோல்டேஜ் குறைவாக விழும். சுற்று கூடக்கூட கோர் குளிரும், கம்பி சுடும். எங்கேயோ ஒரு நடுநிலை இருக்கிறது, அது எப்போதும் 1.2 என்று கட்டாயம் இல்லை. நல்ல திசைப்படுத்திய ஸ்டீல் டொராய்டில் 1.5, 1.6 கூட வைக்கிறார்கள்.

---

சுருள்வேலர்

டொராய்டு வேறு, மேடம். அதில் ஃப்ளக்ஸ் முழுப் பாதையிலும் தகட்டின் உருட்டிய திசையிலேயே ஓடுகிறது, இணைப்பும் இல்லை. E-I-யில் மூலை திரும்ப வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் ஃப்ளக்ஸ் பக்கத்துத் தகட்டுக்குத் தாவ வேண்டும், அந்த இடம் முதலில் நிறையும். 540 போட்டால் லைன் 260 ஏறும் இரவில் 1.5 டெஸ்லா, அதாவது அவர் அட்டவணையில் இரைச்சல் தொடங்கிய அதே இடம். 600 என்றால் 260-லும் 1.36. பேட்டரி சார்ஜர் இரவு முழுக்கச் செருகியே கிடக்கும் பொருள், லைன் ஏறுவதும் இரவில்தான்.

---

கட்டைவிரல்

அண்ணே, இது மாதிரி டொராய்டு ஒண்ணு நம்ம பவர் ஆம்ப்ல இருக்கு. பகல்ல சத்தமே இல்ல, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கொர்ருனு சத்தம். சூடு இல்ல. லைன் அப்போ 225தான் இருக்கு, ஏறவே இல்ல. லோடுனால இல்லேன்னு இப்போ ஒத்துக்கிறேன், சும்மா இருக்கும்போதும் கத்துது. அப்போ எதனால?

---

மாலதி_பவர்

லைனில் சிறிதளவு டிசி கலந்திருக்கலாம். பக்கத்தில் யாராவது டையோடு ஒன்றை மட்டும் வைத்து அரை அலையில் ஹீட்டரையோ ஹேர் டிரையரையோ ஓட்டினால் அப்படி ஆகும். வயரிங் ரெசிஸ்டன்ஸில் அரை வோல்ட் டிசி நின்றாலே போதும். டொராய்டின் பிரைமரி சில ஓம்தான் இருக்கும், அந்த அரை வோல்ட் நூறு மில்லிஆம்ப் டிசியைத் தள்ளும். கோர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு அரைச் சுழற்சியில் மட்டும் முள் வரும். E-I-யில் இணைப்புகளின் சிறு இடைவெளி இதைத் தாங்கிக்கொள்ளும், டொராய்டு தாங்காது.

---

சுருள்வேலர்

டிசியாக இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். 225 இருந்தாலும் அலையின் வடிவம் சாயங்காலம் மாறியிருக்கலாம். எல்லா வீட்டிலும் டிவி, எல்இடி சப்ளை ஓடும் நேரம் அது, உச்சி தட்டையாகிவிடும். ஒரே ஆர்எம்எஸ்ஸில் தட்டை உச்சி அலைக்கு அரைச் சுழற்சியின் பரப்பு அதிகம். கோர் பார்ப்பது அந்தப் பரப்பைத்தான். முழுச் சதுர அலையாக இருந்தால் சமன்பாட்டில் 4.44 போய் 4 வரும், அதாவது 11 சதவீதம் கூடுதல் ஃப்ளக்ஸ். லைன் அவ்வளவு தட்டையாவதில்லை, ஆனால் விளிம்பில் ஓடும் டொராய்டுக்கு இரண்டு மூன்று சதவீதமே கேட்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: சாயங்காலம் கத்தும்போது இடையில் வேரியாக்கோ ஸ்டெப்-டவுனோ வைத்துப் பத்து வோல்ட் குறைத்துப் பார். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தால் அதன் வழியாக அதே வோல்டேஜில் ஓட்டிப் பார். ஐசோலேஷன் வைத்ததும் சத்தம் நின்றால் டிசி, ஏனென்றால் டிசி டிரான்ஸ்ஃபார்மரைக் கடக்காது. பத்து வோல்ட் குறைத்தால் மட்டும் நிற்கிறது என்றால் அலை வடிவம்.

---

ஈரோட்டான்

600-க்கும் 540-க்கும் நடுவில் 560 முடிவு செய்திருக்கிறேன். 230-ல் 1.28, 260-ல் 1.45. செகண்டரி 31+31. 24 கேஜ் வாங்கியாகிவிட்டது. அவிழ்க்கும்போது பழைய சுற்றை எண்ணிப் பார்க்கிறேன், கடைக்காரர் சொன்ன 420 சரிதானா என்று.

---

சுருள்வேலர்

எண்ணுங்கள். சுற்றி முடித்து, வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்பே தகட்டை அடுக்கி, அதே அட்டவணையை வேரியாக்கில் ஒருமுறை எடுங்கள். 240-ல் 150 மில்லிஆம்புக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் தகட்டு அடுக்கைப் பாருங்கள். வார்னிஷ் காய்ந்த பிறகு பிரிக்க முடியாது.

---

கட்டைவிரல்

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தேடிக்கிட்டிருக்கேன். நம்ம ஆம்ப் 500 விஏ, கடையில 250 விஏதான் இருக்கு. சும்மா ஓட விட்டுப் பார்க்க அது போதுமா?

---

மாலதி_பவர்

வால்யூமை முழுதும் குறைத்து நோ-லோடில் கேட்டுப் பார்க்கப் போதும். ஆனால் சுவிட்ச் போடும்போது டொராய்டு இழுக்கும் இன்ரஷ் அந்த 250 விஏவுக்கு அதிகம். 100 வாட் பல்பைத் தொடரில் வைத்துத் தொடங்கி, சில நொடி கழித்துப் பல்பை ஒரு சுவிட்சால் ஷார்ட் செய்துவிடுங்கள். பல்பு இருக்கும்போதே சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது வோல்டேஜையே குறைத்துவிடும்.